செட்டிநாட்டில் புதிய குடோனுக்கு இடம் தேடுவது எப்படி: ஈர்ப்பு மையக் கணக்கும் எடையிட்ட மதிப்பெண்ணும்

காரைக்குடியைச் சுற்றி மளிகைச் சரக்கு விநியோகம் செய்கிறவர் பழைய குடோன் போதாமல் வேறு இடம் தேடினால், முதலில் கேட்கப்படும் கேள்வி "எந்த ரோட்டில் மனை மலிவு?" என்பதாகத்தான் இருக்கிறது. வாடகை மாதம் ஒரு தடவை. வேன் தினமும் ஓடுகிறது. இடம் நாலு கிலோமீட்டர் தள்ளிப்போனாலும், அந்த நாலு கிலோமீட்டரை ஒவ்வொரு நடையிலும் நீங்கள் சுமக்க வேண்டும். அதனால் கணக்கைச் சரக்கிலிருந்து தொடங்க வேண்டும்.

இந்த வழிகாட்டி ஒரே ஒரு எடுத்துக்காட்டை முதலிலிருந்து கடைசி வரை போட்டுக் காட்டுகிறது. ஊர்களின் இருப்பிடம் வரைபடத்தில் உள்ளபடி, கிலோமீட்டருக்கு முழுமையாக்கியது. டன், வாடகை, மதிப்பெண் எல்லாம் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை. அந்த இடங்களில் உங்கள் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள்.

1. சரக்கு எங்கே இறங்குகிறது?

டேலியிலிருந்து 12 மாத விற்பனைப் பதிவை எடுத்து, சரக்கு இறங்கிய இடத்தின் பின்கோடு வாரியாகக் கூட்டுங்கள். பில் முகவரியைப் பார்க்காதீர்கள். காரைக்குடி 630001 என்று பில் போட்டு, சரக்கைத் தேவகோட்டைக் கிளைக்கடையில் இறக்குவது இங்கே சாதாரணம். அதைப் பிரிக்காமல் விட்டால் தேவகோட்டையின் எடை முழுவதும் காரைக்குடி கணக்கில் ஏறிவிடும்.

12 மாதம் ஏன் என்றால், செட்டிநாட்டின் தேவை மாதத்துக்கு மாதம் மாறுகிறது. தீபாவளி, பொங்கல் ஒரு பக்கம். கல்யாணம், படைப்பு என்று வெளியூரிலிருந்து எல்லோரும் வந்து பெரிய வீடுகளைத் திறக்கும் நாட்கள் இன்னொரு பக்கம். தை மாதத்தை மட்டும் எடுத்துக் கணக்குப் போட்டால் கிராமங்களின் பங்கு ஊதித் தெரியும்.

இன்னொன்று, டன் எல்லாச் சரக்குக்கும் பொருந்தாது. அரிசியும் எண்ணெயும் எடையால் வேனை நிரப்பும். சிப்ஸ், நூடுல்ஸ் பெட்டிகள் கொள்ளளவால் நிரப்பும். அரை டன் ஏறும் முன்பே தார்பாய் கட்ட வேண்டியதாகிவிடும். அப்படிச் சரக்கு அதிகம் என்றால் டன்னை விட்டுவிட்டு மாத நடை எண்ணிக்கையை எடையாக வையுங்கள். நம் எடுத்துக்காட்டில் அரிசி, பருப்பு, எண்ணெய்தான் பெரும்பகுதி. அதனால் டன்னே போதும்.

2. ஊர்களைக் கட்டத்தில் வைப்பது

காரைக்குடியை 0, 0 என்று வைத்து, மற்ற ஊர்கள் கிழக்கே எத்தனை கிலோமீட்டர், வடக்கே எத்தனை கிலோமீட்டர் என்று குறியுங்கள். மேற்கும் தெற்கும் கழித்தல் குறி. கூகுள் மேப்பில் ஊரைத் தொட்டால் அட்சரேகை, தீர்க்கரேகை கிடைக்கும். நம் பகுதியில் ஒரு பாகை அட்சரேகை ஏறக்குறைய 110.6 கி.மீ., ஒரு பாகை தீர்க்கரேகை ஏறக்குறைய 109.6 கி.மீ. காரைக்குடியின் எண்ணைக் கழித்து இவற்றால் பெருக்கினால் போதும்.

| ஊர் | கிழக்கு | வடக்கு | டன்/மாதம் | எடை |
|---|---|---|---|---|
| காரைக்குடி | 0 | 0 | 150 | 450 |
| தேவகோட்டை | 4 | -13 | 80 | 240 |
| திருப்பத்தூர் | -20 | 6 | 60 | 180 |
| பொன்னமராவதி | -27 | 23 | 40 | 120 |
| திருமயம் | -3 | 20 | 20 | 60 |
| அறந்தாங்கி | 23 | 11 | 50 | 150 |
| திருச்சி (வரத்து) | -9 | 80 | 240 | 240 |
| மதுரை (வரத்து) | -72 | -17 | 160 | 160 |

கடைசி நெடுவரிசையில்தான் விஷயம் இருக்கிறது. மதுரையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் சரக்கு முழு லாரியில் வருகிறது. ஒரு டன்னை ஒரு கிலோமீட்டர் கொண்டுவர 4 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கடைகளுக்குச் சின்ன வேனில் போகிறது. அதற்கு 12 ரூபாய். ஒரு டன் வெளியே போவது மூன்று டன் உள்ளே வருவதற்குச் சமம். அதனால் கடைப் பக்கத்து டன்னை மூன்றால் பெருக்கி எடையாக்கினோம்.

வரத்தைச் சேர்க்காமல் கடைகளை மட்டும் வைத்துக் கணக்குப் போடுகிறவர்கள் உண்டு. வரத்தைச் சேர்த்து, லாரிக்கும் வேனுக்கும் உள்ள வாடகை வித்தியாசத்தை விட்டுவிடுகிறவர்களும் உண்டு. முதலாமவருக்கு இடம் கடைகள் பக்கம் மிதமிஞ்சி ஒட்டும். இரண்டாமவருக்குத் திருச்சி, மதுரைப் பக்கம் மிதமிஞ்சி இழுபடும்.

3. ஈர்ப்பு மையம், அப்புறம் அதன் ஓட்டை

ஒவ்வொரு ஊரின் கிழக்கு எண்ணையும் எடையால் பெருக்கிக் கூட்டி, மொத்த எடையால் வகுக்க வேண்டும். வடக்குக்கும் அப்படியே. எக்செல்லில் டன்னைச் சேர்க்காமல், கிழக்கு B, வடக்கு C, எடை D என்ற நெடுவரிசைகளில் இருந்தால்:

```
=SUMPRODUCT(D2:D9,B2:B9)/SUM(D2:D9)
=SUMPRODUCT(D2:D9,C2:C9)/SUM(D2:D9)
```

விடை: மேற்கே 10, வடக்கே 12.5. அதாவது காரைக்குடியிலிருந்து 16 கிலோமீட்டர் வடமேற்கே, திருப்பத்தூருக்கும் திருமயத்துக்கும் நடுவில், கீழச்சிவல்பட்டிப் பக்கம்.

பலர் இங்கேயே நிறுத்திவிட்டு புரோக்கரைக் கூப்பிட்டுவிடுகிறார்கள். நிறுத்தக் கூடாது. இந்தச் சராசரி குறைப்பது தூரத்தை அல்ல, தூரத்தின் வர்க்கத்தை. 80 கிலோமீட்டரில் இருக்கும் திருச்சிக்கு அதன் நியாயமான பங்கைவிடப் பல மடங்கு குரல் கிடைத்துவிடுகிறது. நீங்கள் லாரிக்காரருக்குக் கொடுப்பது கிலோமீட்டருக்குக் காசு, கிலோமீட்டரின் வர்க்கத்துக்கு அல்ல.

உண்மையான மலிவுப் புள்ளியைப் புரிந்துகொள்ள ஒரு பலகையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஊர் இருக்கும் இடத்திலும் ஒரு துளை. துளை வழியே ஒரு கயிறு, கீழே அந்த ஊரின் எடைக்குத் தக்க கல். மேலே எல்லாக் கயிறும் ஒரே முடிச்சில். கையை விட்டால் முடிச்சு எங்கே போய் நிற்கிறதோ, அதுதான் செலவு மிகக் குறைவான இடம். கயிற்றின் நீளம் எவ்வளவாக இருந்தாலும் கல் இழுக்கும் விசை ஒன்றுதான். திருச்சி தூரத்தில் இருப்பதால் கூடுதலாக இழுக்காது.

இந்தப் புள்ளியைப் படிப்படியாக நெருங்கும் முறையை வைஸ்ஃபெல்ட் என்ற கணிதவியலாளர் 1937இல் தந்தார். உங்களுக்கு அது தேவையில்லை, எக்செல்லின் சால்வர் போதும். ஒரு புள்ளியின் எண்களை H1, H2 கட்டங்களில் வைத்து, இந்தச் சூத்திரத்தை E2 முதல் E9 வரை இழுத்துவிடுங்கள்:

```
=SQRT((B2-$H$1)^2+(C2-$H$2)^2)
=SUMPRODUCT(D2:D9,E2:E9)
```

இரண்டாவது வரிதான் மொத்தச் செலவு. H1, H2 இரண்டையும் மாற்றி அதைக் குறைக்கச் சொல்லுங்கள். அதோடு ஒவ்வொரு ஊரின் எண்ணையும் நீங்களே ஒரு தடவை போட்டுப் பாருங்கள். மலிவுப் புள்ளி சரியாக ஒரு ஊரின் மேலேயே விழுந்தால் சால்வர் அதைச் சுற்றித் தடுமாறும்.

நம் கணக்கில் அதுதான் நடக்கிறது. காரைக்குடியில் மொத்தம் 47,475. கீழச்சிவல்பட்டிப் பக்கத்துச் சராசரிப் புள்ளியில் 51,488, அதாவது எட்டரை சதவீதம் கூடுதல். மலிவுப் புள்ளி காரைக்குடியேதான்.

இது ஏன் என்று பார்ப்பது நல்லது. ஒரு ஊரின் எடை மொத்தத்தில் பாதியைத் தாண்டினால் முடிச்சு அங்கேயே நிற்கும். அது எளிதில் புரியும். காரைக்குடிக்கு இருப்பது 28 சதவீதம்தான். ஆனால் தேவகோட்டை தெற்கே இழுக்கிறது, திருச்சி வடக்கே இழுக்கிறது; மதுரை மேற்கே, அறந்தாங்கி கிழக்கே. ஒன்றையொன்று தின்றதுபோக மிஞ்சும் இழுப்பு 336. காரைக்குடியின் 450ஐ அதனால் அசைக்க முடியவில்லை. அந்த மிச்ச இழுப்பு வடமேற்கைப் பார்த்து இருக்கிறது. அதனால் ஊருக்கு வெளியே போகத்தான் வேண்டும் என்றால், வடக்கும் மேற்கும் போனால் செலவு மெதுவாக ஏறும், தெற்கும் கிழக்கும் போனால் வேகமாக ஏறும். இடம் தேடும் வட்டம் எந்தப் பக்கம் நீள வேண்டும் என்பதைச் சொல்வது இந்தத் தகவல்தான். ஒற்றைப் புள்ளியைவிட எனக்கு இது பெரிதாகப் படுகிறது.

4. நேர்கோட்டிலிருந்து ரோட்டுக்கு

காரைக்குடிக்குள் லாரி நுழைந்து திரும்ப இடமில்லை, அதனால் ஊருக்கு வெளியே மூன்று மனைகள் கையில் வந்திருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒன்று மேற்கே 4 கிலோமீட்டரில் கோவிலூர்ப் பக்கம். இன்னொன்று வடக்கே 11 கிலோமீட்டரில் கானாடுகாத்தான் பக்கம், திருச்சி சாலையை ஒட்டி. மூன்றாவது தெற்கே 7 கிலோமீட்டரில் தேவகோட்டை ரஸ்தாப் பக்கம்.

மூன்றுக்கும் அதே சூத்திரத்தைப் போட்டால் கோவிலூர் 48,469, கானாடுகாத்தான் 51,126, ரஸ்தா 52,651. எடை ஒன்றுக்கு 4 ரூபாய் என்பதால் நான்கால் பெருக்குங்கள். அப்புறம் நேர்கோட்டைச் சாலைத் தூரமாக்க 1.3ஆல் பெருக்குங்கள். இந்த 1.3 ஒரு தொடக்க மதிப்பு மட்டும். ஒவ்வொரு ஊருக்கும் மேப்பில் சாலைத் தூரம் பார்த்து, நேர்கோட்டுத் தூரத்தால் வகுத்து, உங்கள் சொந்த எண்ணை வையுங்கள். கண்மாயைச் சுற்றிப் போகும் சாலையும், ரயில்வே கேட்டுக்காக எடுக்கும் மாற்று வழியும் அந்த எண்ணை உயர்த்தும்.

மாதச் செலவு கோவிலூருக்கு 2.52 லட்சம், கானாடுகாத்தானுக்கு 2.66 லட்சம், ரஸ்தாவுக்கு 2.74 லட்சம்.

இந்த முறைக்கு ஒரு வரம்பு உண்டு. ஒவ்வொரு ஊருக்கும் வேன் தனியாகப் போய் வருகிறது என்றுதான் இது நினைத்துக்கொள்கிறது. ஒரே வேன் திருமயத்தில் கொஞ்சம் இறக்கிவிட்டுப் பொன்னமராவதி, திருப்பத்தூர் வழியாகச் சுற்றி வந்தால், அந்த மூன்று ஊரின் இழுப்பும் கணக்கில் காட்டுவதைவிடக் குறைவு. அப்படிச் சுற்று ஓட்டம் பாதிக்கு மேல் இருந்தால், மனைகளை ஒப்பிட இந்தச் சூத்திரத்தை நம்ப வேண்டாம். ஒவ்வொரு மனையிலிருந்தும் ஒரு வாரத்து ரூட்டை மேப்பில் ஓட்டிப் பார்த்துக் கிலோமீட்டரைக் கூட்டுங்கள்.

5. மதிப்பெண்ணுக்கு முன் வடிகட்டி

சில குறைகளை எத்தனை மதிப்பெண்ணாலும் ஈடுகட்ட முடியாது. அவற்றைப் பட்டியலில் வைத்து எடை போடாதீர்கள். மனையைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிடுங்கள்.

செட்டிநாட்டில் முதல் வடிகட்டி பங்காளிகள். பாகம் பிரியாத சொத்தில் ஒரு பங்கு சென்னையில், ஒன்று மலேசியாவில், ஒன்று சிங்கப்பூரில் இருக்கும். ஊரில் இருக்கும் அண்ணன் ஒருவர் "நான் பேசிக்கிறேன்" என்று அட்வான்ஸ் வாங்கிக்கொள்வார். பங்குள்ள எல்லோரும் கையெழுத்திட வேண்டும், அல்லது அவர்கள் கொடுத்த பவர் பத்திரம் இருக்க வேண்டும். tnreginet.gov.in தளத்தில் 30 வருட வில்லங்கம் போட்டுப் பாருங்கள். பட்டாவும் 'அ' பதிவேடும் eservices.tn.gov.in தளத்தில் கிடைக்கும். பட்டாவில் கூட்டுப் பெயர்கள் இருந்து, பேசுகிறவர் ஒருவர் மட்டும் என்றால் அங்கேயே நிறுத்துங்கள். ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும் என்பதால், இந்தக் குறை எப்படியும் பதிவு அலுவலகத்தில் வெளிவரும்.

இரண்டாவது, நிலத்தின் வகை. கண்மாய்ப் புறம்போக்கு, வரத்துக்கால், கோயில் நிலம் இவற்றில் எதுவும் மனைக்குள்ளோ பாதையிலோ வரக்கூடாது. புலப்படத்தை வாங்கி, நிலத்தில் நின்று ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். மனை பட்டா நிலமாகவும், அதற்குப் போகும் கடைசி ஐம்பது அடி வாய்க்கால் புறம்போக்காகவும் இருப்பதுண்டு.

மூன்றாவது, கிட்டங்கி கட்ட நகர் ஊரமைப்பு அனுமதி கிடைக்கும் நிலப் பயன்பாடா என்பது. விவசாய நிலமாக இருந்தால், மாற்றம் கையில் கிடைத்த பிறகே பேச்சு.

6. காசு காசாகவே இருக்கட்டும்

எடையிட்ட மதிப்பெண் போடுகிறவர்கள் வழக்கமாகப் போக்குவரத்துக்கு 35, வாடகைக்கு 20, சாலைக்கு 20 என்று எல்லாவற்றையும் ஒரே அட்டவணையில் கலக்கிறார்கள். இதில் ஒரு கோளாறு இருக்கிறது. போக்குவரத்தும் வாடகையும் ஏற்கெனவே ரூபாயில் இருக்கின்றன. ரூபாயை 5க்கு 3 என்று மாற்றும்போது 14,000 ரூபாய் வித்தியாசமும் 40,000 ரூபாய் வித்தியாசமும் ஒரே "ஒரு மதிப்பெண்" ஆகிவிடலாம். ரூபாயில் சொல்ல முடிந்ததை ரூபாயில் கூட்டுங்கள். முடியாததற்கு மட்டும் மதிப்பெண் போடுங்கள்.

6,000 சதுர அடிக்கு வாடகை கோவிலூரில் 72,000, கானாடுகாத்தானில் 54,000, ரஸ்தாவில் 48,000 என்று வைத்துக்கொள்வோம். போக்குவரத்தோடு கூட்டினால் முறையே 3.24 லட்சம், 3.20 லட்சம், 3.22 லட்சம். மூன்றும் ஏறக்குறையச் சமம். கோவிலூர் போக்குவரத்தில் மிச்சம் பிடித்ததை வாடகை விழுங்கிவிட்டது. ஊருக்குப் பக்கத்து மனை விலையில் அந்த வசதி ஏற்கெனவே ஏறியிருப்பதால் இது அடிக்கடி நடக்கும்.

ஆக, முடிவு காசு அல்லாத விஷயங்களுக்குப் போகிறது. அங்கேதான் மதிப்பெண் முறைக்கு வேலை.

7. மதிப்பெண் போடுவது

எடைகளை மனைகளைப் பார்க்கும் முன்பே முடிவு செய்யுங்கள். மனை மனதுக்குப் பிடித்த பிறகு எடை போட்டால், எடை அந்த மனைக்கு ஏற்றபடி வளைந்துவிடும். ஓட்டுநர், குடோன் மேஸ்திரி, கணக்கர் மூவரிடமும் தனித்தனியாக எழுதி வாங்கி, பெரிதாக முரண்படும் இடத்தில் மட்டும் உட்கார்ந்து பேசுங்கள். நம் எடுத்துக்காட்டில் சாலை வசதிக்கு 35, தண்ணீருக்கு 25, ஆள் வசதிக்கு 20, விரிவுக்கு 20.

1, 3, 5 என்ன என்பதையும் முன்பே எழுதிவிட வேண்டும். சாலைக்கு 5 என்றால்: 32 அடி லாரி நெடுஞ்சாலையிலிருந்து நேராக உள்ளே வந்து, வண்டி நீளத்தைப்போல் இரண்டு பங்கு முற்றத்தில் ரிவர்ஸ் எடுத்து மேடையில் ஒட்ட முடியும். 3 என்றால்: வர முடியும், ஆனால் சில நாளில் தடை இருக்கும். தைப்பூசத்துக்குக் குன்றக்குடிப் பக்கம் நடந்து போகும் கூட்டமும், சதுர்த்தியன்று பிள்ளையார்பட்டிக்கு வரும் வண்டிகளும் அந்த வகை. 1 என்றால்: லாரியைச் சாலையில் நிறுத்திச் சின்ன வண்டியில் மாற்ற வேண்டும்.

தண்ணீருக்கு மதிப்பெண் போடக் கோடையில் போகாதீர்கள். செம்மண் தரை அப்போது எங்கும் காய்ந்து கிடக்கும், எல்லா மனையும் 5 வாங்கும். ஐப்பசி, கார்த்திகையில், வடகிழக்குப் பருவமழை பெய்யும்போது போங்கள். மேலே எந்தக் கண்மாய், அதன் கலுங்கு எந்தப் பக்கம், கலுங்கு பாய்ந்தால் தண்ணீர் எந்த வழியாக அடுத்த கண்மாய்க்குப் போகிறது என்று பக்கத்து வயல்காரரிடம் கேளுங்கள். நம் பகுதியில் கண்மாய்கள் ஒன்றுக்குக் கீழ் ஒன்றாகச் சங்கிலிபோல் இருக்கின்றன. மனை மேடாகத் தெரிந்தாலும் கலுங்கிலிருந்து போகும் பாதையில் இருந்தால் அதற்கு 2க்கு மேல் போடக் கூடாது. சுற்றுச்சுவரில் பழைய தண்ணீர்க் கோடு, வேப்பமரத்து அடியில் ஒதுங்கிய சருகு வரிசை, வாசல்படியைவிட உயரமாக எடுத்துக் கட்டிய பக்கத்து வீட்டுத் திண்ணை, இவை மூன்றும் புரோக்கர் சொல்லாததைச் சொல்லும். அரிசி மூட்டைக்குக் கீழிருந்து ஏறும் ஈரமே போதும், வெள்ளம் வரத் தேவையில்லை.

நம் மூன்று மனைகளுக்கும் போட்ட மதிப்பெண்:

| | எடை | கோவிலூர் | கானாடுகாத்தான் | ரஸ்தா |
|---|---|---|---|---|
| சாலை | 35 | 3 | 5 | 3 |
| தண்ணீர் | 25 | 2 | 4 | 3 |
| ஆள் வசதி | 20 | 5 | 2 | 4 |
| விரிவு | 20 | 2 | 4 | 4 |
| மொத்தம் | | 295 | 395 | 340 |

8. முடிவை அசைத்துப் பார்ப்பது

கானாடுகாத்தான் மனை முந்துகிறது. அதன் பலவீனம் ஆள் வசதி: சுமை தூக்குபவர்கள் காரைக்குடியிலிருந்து விடிகாலையில் பஸ் பிடித்து வர வேண்டும். எனவே அசைக்க வேண்டிய எடை அதுதான். மற்றவற்றின் விகிதத்தை மாற்றாமல் ஆள் வசதியின் எடையை ஏற்றிக்கொண்டே போனால், 20இலிருந்து 38க்குப் போகும்போதுதான் ரஸ்தா முந்துகிறது. மேஸ்திரியே கேட்டாலும் ஆளுக்கு 30க்கு மேல் எடை கொடுக்க மாட்டார் என்றால், முடிவு உறுதி. எடையை இரண்டு மூன்று புள்ளி நகர்த்தியதும் முதலிடம் மாறினால், மதிப்பெண் எதையும் தீர்மானிக்கவில்லை என்று அர்த்தம். அப்போது இன்னொரு முறை நிலத்துக்குப் போய்ப் பார்ப்பதுதான் வழி.

காசுப் பக்கமும் அசைத்துப் பாருங்கள். டீசல் ஏறி லாரி, வேன் வாடகை இரண்டும் 20 சதவீதம் கூடினாலும் கானாடுகாத்தான்தான் மலிவு. 30 சதவீதத்தில் கோவிலூர் அதற்குச் சமமாக வந்துவிடுகிறது. சரக்கையும் மாற்றிப் பாருங்கள்: தேவகோட்டையில் புதிய பெரிய வாடிக்கையாளர் வந்து அங்கே மட்டும் 80 டன் 160 ஆனால் என்ன ஆகும்? எடையை 480 ஆக்கி, மூன்று மனைக்கும் மறுபடி போட்டால் ரஸ்தா நன்றாக முன்னே வந்துவிடும். அப்படி ஒரு பேச்சு நடந்துகொண்டிருந்தால், அது முடியும்வரை நீண்ட குத்தகையில் கையெழுத்துப் போட வேண்டாம்.

9. அட்வான்ஸுக்கு முன்

தேர்ந்த மனையிலிருந்து ஒரு வாரம் வேன்களை ஓட்டிப் பாருங்கள். சரக்கு பழைய குடோனிலிருந்தே போகட்டும். ஓட்டுநர் காலையில் மனைக்குப் போய், அங்கிருந்து கிலோமீட்டரைக் குறிக்கத் தொடங்கினால் போதும். தேவகோட்டை, அறந்தாங்கி நடைகளைக் கவனியுங்கள். இரண்டுக்கும் வேன் காரைக்குடி ஊருக்குள் புகுந்து போக வேண்டியிருக்கலாம், அங்கே காலை எட்டரைக்கு மேல் கிலோமீட்டரைவிட நேரம்தான் செலவு. ஒரு நாளில் ஒரு வேன் முடிக்கும் நடை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைந்தால், இன்னொரு வேனின் மாத வாடகையை அந்த மனையின் காசுக் கணக்கில் சேர்த்து, ஆறாவது படியிலிருந்து மறுபடி போடுங்கள்.